குழிக்கண்ணும் முட்டைக்கண்ணும்: ஐ மேக்கப் எங்கே தப்பாகிறது, எப்படிச் சரிசெய்வது

கல்யாண மேக்கப்புக்குப் போன இடத்தில் ஒருமுறை அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் நான்தான் மேக்கப். அக்கா மணப்பெண், தங்கை மேடையில் அவள் பக்கத்தில் நிற்கிற கூட்டத்தில் ஒருத்தி. இரண்டு பேரும் செல்போனில் ஒரே வீடியோவைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார்கள். மடிப்பில் அடர் பழுப்பு, இமை நடுவில் தங்க மினுமினுப்பு, புருவத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு பளபளப்பு, மெல்லிய லைனர். அதிகாலை மூன்றரை மணி, தூக்கக் கலக்கம் வேறு. கேட்டதை அப்படியே போட்டுக்கொடுத்தேன். முடித்ததும் மணப்பெண் கண்ணாடியைப் பார்த்து, "அக்கா, என் கண் எங்கே போச்சு?" என்றாள். தங்கையைப் பார்த்த அவர்கள் அம்மா, "ஏண்டி இப்படி முழிக்கிற?" என்றார்.

ஒரே பெட்டி, ஒரே நிறங்கள், ஒரே கை. ஆனால் பெரியவளுக்குக் கண் உள்ளே போய்விட்டது, சின்னவளுக்கு வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டையும் கலைத்துத் திரும்பப் போட்டதில் கற்றதுதான் இங்கே எழுதியிருப்பது. உங்களுக்கு எந்தக் குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன், உங்கள் கண் எந்த வகை என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பாதிப் பேர் இதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் கண் எந்த வகை என்று பாருங்கள்

கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சின்ன ஸ்கேலை நெட்டுக்குத்தாகப் பிடித்து, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் படும்படி கண்ணுக்கு முன்னால் மெதுவாக வையுங்கள். அழுத்த வேண்டாம். மூடிய இமை ஸ்கேலில் நன்றாக முட்டினால் கண் முன்னே வந்திருக்கிறது, அதாவது நாம் முட்டைக்கண் என்கிற வகை. இமைக்கும் ஸ்கேலுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தால் குழிக்கண். லேசாகத் தொட்டும் தொடாமலும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. கன்ன எலும்பு தட்டையாக இருக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றும். அவர்கள் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கண்ணைத் திறந்தால் மேல் இமை தெரியவில்லை என்பதால் மட்டும் அது குழிக்கண் ஆகிவிடாது. மேலே இருந்து தோல் மடிந்து இமையின் மேல் விழுந்திருக்கலாம். புருவத்தை ஒரு விரலால் லேசாக மேலே தூக்கிப் பாருங்கள். இமை சட்டென்று முழுதாகத் தெரிந்தால் அது தோல் மடிப்பு, எலும்பு அல்ல. கீழே சொல்லும் நிழல் வேலையில் கொஞ்சம் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் பிரச்சினை வேறு.

அறிகுறி: ஷேடோ போட்டதும் கண் இன்னும் உள்ளே போய்விட்டது

மணப்பெண்ணுக்கு நடந்தது இதுதான். குழிக்கண்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பதும் இதுதான்.

காரணம் எளிது. அடர்ந்த நிறம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் பின்னால் போனதுபோல் தெரியும். வெளிர்ந்தது, மினுங்குவது முன்னால் வரும். குழிக்கண்ணில் ஏற்கெனவே புருவ எலும்பு கூரைபோல் நீட்டிக்கொண்டு, இமை மடிப்பில் தன் நிழலைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மடிப்பிலேயே நாம் அடர் பழுப்பைத் தடவினால் நிழலின் மேல் நிழல். கூடவே புருவத்துக்குக் கீழே பளபளப்பு போட்டால், ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு இன்னும் முன்னே வருகிறது. பள்ளம் ஆழமாகிறது, மேடு உயர்கிறது. வீடியோக்களில் காட்டும் வழக்கமான முறை இந்த இரண்டையுமே செய்யச் சொல்கிறது. காரணம், அது சாதாரண ஆழமுள்ள கண்ணுக்காக அமைந்த முறை.

ஆக, செய்ய வேண்டியது தலைகீழ். பள்ளத்தை வெளிச்சமாக்க வேண்டும், மேட்டை அடக்க வேண்டும்.

ஷேடோவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று முகத்தை மெல்ல மேலே தூக்குங்கள். இமையில் இருந்த கருமை மறைந்துவிட்டால் அது வெறும் நிழல். மறையாமல் அங்கேயே இருந்தால் அது தோலின் கருமை. நம் ஊர்த் தோலில் இமையும் கண்ணைச் சுற்றிய இடமும் முகத்தைவிட ஒரு படி கறுத்திருப்பது ரொம்ப சாதாரணம். தோல் கருமை என்றால் ஆரஞ்சு கலந்த கரெக்டரை மிக மெல்லியதாகத் தட்டி, அதன்மேல் முக நிறத்துக்கு ஒத்த கன்சீலர் வைத்தால் சரியாகிவிடும். வெறும் நிழல் என்றால் கன்சீலரை எத்தனை அடுக்கு பூசினாலும் போகாது. இமை தடித்து, ஒரு மணி நேரத்தில் மடிப்பில் கோடு விழுவதுதான் மிச்சம். நிழலுக்கு மருந்து நிறத்தின் இடமாற்றம்.

மணப்பெண்ணுக்கு இரண்டும் கலந்து இருந்தது. மேக்கப் ரிமூவர் நனைத்த பஞ்சால் இமையைத் துடைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தேன். கரெக்டர், மெல்லிய கன்சீலர், அது நகராமல் இருக்கக் கொஞ்சம் பவுடர். பிறகு இமை முழுதும், இமை முடியின் ஓரத்தில் இருந்து மடிப்பு வரை, அவள் தோலைவிட ஒரு படி மட்டும் வெளிர்ந்த, பளபளப்பே இல்லாத சந்தன நிற மேட் ஷேடோ. ஒரு படி மட்டும் என்பதைக் கவனியுங்கள். மாநிறத் தோலில் வெள்ளைக்குப் பக்கத்தில் உள்ள நிறத்தைப் போட்டால் வெளிச்சம் வராது, சாம்பல் பூசியதுபோல் இருக்கும். பளபளப்பும் அப்படித்தான். வெள்ளி வேண்டாம். தங்கம், செம்பு, ஷாம்பெயின் என்று விற்கும் மஞ்சள் கலந்த நிறம், இவை மூன்றும் நமக்கு நன்றாக உட்காரும். அதில் கொஞ்சம் எடுத்துக் கருவிழிக்கு நேர் மேலே, இமை நடுவில் மட்டும் விரலால் தட்டினேன். கண்ணின் உள் மூலையில் அதிலேயே ஒரு சின்னப் புள்ளி.

அடுத்ததுதான் முக்கியமான இடம். நடுத்தரப் பழுப்பு, தோலைவிட ஒன்றிரண்டு படி அடர்ந்தது, கட்டாயம் மேட். இதை எங்கே வைப்பது? கண்ணை மூடிக்கொண்டு மடிப்பைத் தேடினால் தப்பான இடத்தில்தான் போய் நிற்பீர்கள். கண்ணாடியை முகத்துக்கு நேராக வைத்து, கண்ணைத் திறந்து, நேராகப் பாருங்கள். புருவ எலும்பின் கீழ் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். மடிப்புக்கு மேலே சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் அந்த எலும்பின் மேலேயே பழுப்பு உட்கார வேண்டும், பள்ளத்துக்குள் அல்ல. கண்ணைத் திறந்தபடியே கருவிழியின் வெளி விளிம்புக்கு நேர் மேலே பிரஷ் நுனியால் ஒரு புள்ளி, கண்ணின் வெளி மூலைக்கு நேர் மேலே இன்னொரு புள்ளி. இவை இரண்டையும் இணைத்து, பஞ்சு போன்ற பெரிய பிரஷால், கார் வைப்பர் மாதிரி இங்கும் அங்கும் மெல்ல இழுத்து வெளிப்பக்கமாகக் கரைத்துவிடுங்கள். மூக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். குழிக்கண்ணில் உள் மூலைதான் எல்லாவற்றிலும் ஆழமான இடம். அங்கே நிறம் போனால் இரண்டு கண்ணும் நெருங்கிவந்து, தூங்காதவர் மாதிரித் தெரியும்.

புருவத்துக்குக் கீழே ஒன்றும் போடாமல் விட்டேன். அங்கே பளபளப்பு இல்லாவிட்டால் மேக்கப் முடிவடையாததுபோல் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் சரிபார்க்க ஒரு வழி: கண்ணாடியை விட்டு ஆறடி தள்ளி நின்று கண்ணைப் பாதி சுருக்கிப் பாருங்கள். முகத்தில் இரண்டு இருட்டுப் பொட்டு தெரிந்தால் பழுப்பு இன்னும் பள்ளத்துக்குள்தான் கிடக்கிறது. சுத்தமான பிரஷில் சந்தன நிறத்தைத் தொட்டு மடிப்பின் ஓரத்தை மட்டும் திரும்ப வெளிச்சமாக்குங்கள். முழுதையும் கலைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: லைனர் போட்டால் கண் சின்னதாகிறது, அல்லது கண்ணைத் திறந்ததும் கோடே காணவில்லை

இதுவும் குழிக்கண்காரர்களுக்கானது. அவர்களுக்குத் திறந்த கண்ணில் தெரிகிற இமையே சில மில்லிமீட்டர்தான். அதில் 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கோடு போட்டால் வெளிச்சமாக்கிய இமை முழுதும் கறுப்புக்குள் போய்விடும். முந்தைய வேலை அத்தனையும் வீண்.

கோட்டை உள் மூலையில் இருந்து ஆரம்பிக்கவே கூடாது. கருவிழியின் நடுவுக்கு நேரே தொடங்கி, இமை முடியை ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் வெளியே கொண்டுபோய், கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கொஞ்சம் தடிக்கவிடுங்கள். உள்பக்கம் வெறுமையாகத் தெரிகிறது என்றால், மேல் இமை முடிகளின் வேருக்கு நடுவே பென்சில் நுனியால் புள்ளி புள்ளியாக நிரப்பலாம். கோடாகத் தெரியாது, முடி அடர்த்தியாக இருப்பதுபோல் தெரியும். கறுப்புக்குப் பதில் அடர் பழுப்பு லைனரும் நன்றாக இருக்கும்.

கீழ் இமையின் உள் விளிம்பில் கறுப்பு மை வேண்டாம் என்று நான் சொன்னதும் மணப்பெண்ணின் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மை எழுதாத கல்யாணப் பொண்ணா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். கறுப்பு மை அந்த விளிம்பு முழுக்க ஓடினால் குழிக்கண் இன்னும் சுருங்கும் என்பதும் உண்மை. கடைசியில் இப்படி முடித்தோம்: கீழ் விளிம்பில் வெளிப்பக்கப் பாதிக்கு மட்டும் மை, உள்பக்கப் பாதி அப்படியே வெறுமை. விழாவும் படமும் இல்லாத நாளில், தோல் நிறப் பென்சிலை அந்த விளிம்பில் ஓட்டினால் கண் இன்னும் திறந்து தெரியும். வெள்ளைப் பென்சில் வேண்டாம், நம் நிறத்துக்கு அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இந்த உள் விளிம்பு வேலையே வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அறிகுறி: புருவத்துக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருக்கிறது

குழிக்கண்ணில் இமை முடி மேலே தூக்கும்போது நேராகப் புருவ எலும்பின் தோலில் முட்டும். லைனரும் ஈரம் காயாமல் மடிப்பில் அச்சு விழும். வியர்வையும் எண்ணெயும் சேர்ந்தால் ஹோமப் புகை எழும் முன்னரே ஆள் ராக்கூன் ஆகிவிடுவார்.

லைனர் போட்டவுடன் கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள். கீழே பார்த்தபடி அரை நிமிடம் இருக்கட்டும். மஸ்காரா நீர்ப்பிடிக்காத வகை, ஒரே ஒரு பூச்சு, அதுவும் குச்சியை நன்றாக வழித்தபின். இரண்டாவது பூச்சு ஆசைதான் புள்ளிகளுக்குக் காரணம். முடி முட்டுகிற இடத்தில், அதாவது புருவத்துக்குக் கீழே, முன்கூட்டியே நிறமில்லாப் பவுடரைத் தொட்டுவையுங்கள். ஒட்டிவிட்டால் ஈரத்தில் துடைக்காதீர்கள், பரவும். நன்றாகக் காய்ந்தபின் காது குடையும் பட்ஸின் காய்ந்த நுனியால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்துவிடும்.

அறிகுறி: கண் பிதுங்கினதுபோல், முழிப்பதுபோல் தெரிகிறது

இப்போது தங்கையின் கதை. முட்டைக்கண்ணில் இமை ஒரு பந்தின் மேல் போர்த்திய துணி மாதிரி. பந்தின் நடுப்பகுதிதான் வெளிச்சத்தை நேராகப் பார்த்தபடி இருக்கிறது, அதனால் இயல்பாகவே அங்கே ஒரு ஒளிப்பட்டை விழும். வீடியோவில் சொன்னபடி அந்த உச்சியிலேயே நான் தங்க மினுமினுப்பை வைத்தேன். உருண்டைக்கு உருண்டை சேர்ந்துவிட்டது. அவளுக்கும் அதே விதிதான், ஆனால் இடங்கள் மாறுகின்றன. இங்கே இமைதான் மேடு, அதை அடக்க வேண்டும். புருவ எலும்பு இமைக்குப் பின்னால் இருக்கிறது, அதைக் கொஞ்சம் முன்னே கொண்டுவர வேண்டும். அக்காவுக்குத் தடைசெய்த புருவத்துக்குக் கீழ்ப் பளபளப்பு தங்கைக்கு உதவும், லேசாக இருந்தால்.

மினுமினுப்பைத் துடைத்துவிட்டு, இமை முழுதும் காப்பிப்பொடி நிற மேட் ஷேடோவைப் போட்டேன். தோலைவிடத் தெளிவாக இரண்டு படி அடர்ந்தது. பின்பு அதைவிட அடர்ந்த பழுப்பை இமை முடியை ஒட்டி வைத்து, மேலே போகப் போக வெளிறும்படி கரைத்தேன். எல்லாவற்றிலும் அடர்த்தி கீழே, இமை முடியின் ஓரத்தில். மடிப்பைத் தாண்டிக் கொஞ்சம் மேலே வரை அது மங்கலாக நீண்டு முடிய வேண்டும். மடிப்போடு கத்தரித்ததுபோல் நின்றால் உருண்டையின் விளிம்பைக் கோடு போட்டுக் காட்டியதாகிவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் தெரிந்துவிடும். கரைக்கும் பிரஷில் புதிதாக நிறம் எடுக்காமல், இரண்டு நிமிடமாவது ஓட்டுங்கள்.

தங்கைக்குக் கண்ணில் மினுமினுப்பு இல்லாமல் போனதில் வருத்தம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பளபளப்பே இல்லாமலா? உள் மூலையில் கொஞ்சம், வெளி மூலைக்கு மேலே கொஞ்சம் வைத்துக்கொடுத்தேன். நடு உச்சியில் மட்டும் கிடையாது. அங்கே பளபளப்பைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது: முன்னே வந்த கண்களில் சிலருக்கு இமை முழுதாக மூடாமல் கண் சீக்கிரம் உலர்ந்துபோகும், உதிரும் கிளிட்டர் துகள் உள்ளே போனால் எரிச்சல் கூடும். பொடியாக உதிரும் கிளிட்டரை இந்தக் கண்களில் நான் தொடுவதே இல்லை.

அடர்த்தியைக் கூட்டியதில் ஒரு விலையும் உண்டு. இமை சின்னதாகிக் கண்ணின் மொத்த அளவு கொஞ்சம் குறையும். இமை முழுதுமே இரண்டு படிக்கு மேல் அடர்ந்து போனால், அடங்குவதற்குப் பதில் அடி வாங்கிய கண் மாதிரி ஆகும். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் சோதனை இங்கேயும் உதவும். இமையில் ஒளிப்பட்டை தெரியாமல், ஆனால் நிறம் பழுப்பு என்று தெரிந்தால் சரி. கறுப்பாகத் தெரிந்தால் அதிகம்.

அறிகுறி: லைனர் போட்டும் முழிப்பு போகவில்லை

முட்டைக்கண்ணில் கூர்மையான மெல்லிய கோடுதான் எதிரி. வளைந்த பரப்பின் மேல் சன்னமான கோடு ஓடினால் அந்த வளைவு எவ்வளவு என்பதை அதுவே வரைந்து காட்டிவிடும். உள் மூலையில் இருந்து வெளி மூலை வரை கோடு போக வேண்டும், நல்ல தடிமனில். ஜெல் லைனரோ பென்சிலோ போட்டு, அது காய்வதற்குள் சின்ன பிரஷால் மேல் விளிம்பைக் கலைத்துவிடுங்கள். ஷேடோவின் அடர்ந்த பகுதியோடு அது கலந்து, எங்கே கோடு முடிகிறது என்று தெரியாமல் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் தடித்துவிடாமல் பாருங்கள், உருண்டை இன்னும் உருண்டை ஆகும்.

கீழ் விளிம்பில் மை தாராளமாக எழுதலாம். பாட்டிமார் எழுதிவிட்ட மாதிரியே, முழுதும். அக்காவுக்குப் பாதியில் நிறுத்திய மை தங்கைக்கு முழுதாக வேண்டியிருந்தது. கருவிழிக்குக் கீழே வெள்ளைப்பகுதி தெரிவதுதான் அந்த முழிப்புத் தோற்றத்துக்குப் பெரிய காரணம். கறுப்பு மை அந்த வெள்ளையை ஓர் எல்லைக்குள் அடக்குகிறது. இந்தக் கண்ணில் தோல் நிறப் பென்சில் போட்டால் நேர் எதிர் விளைவு வரும், கண் இன்னும் திறந்துகொள்ளும். கீழ் இமை முடிக்கு வெளிப்புறம் கடைசி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் பழுப்பை மெல்லத் தடவினால் பார்வை பக்கவாட்டில் நீளும்.

வால் இழுக்க விரும்பினால் கண்ணைத் திறந்தே இழுங்கள். மூடியிருக்கும்போது நேராகத் தெரிந்த வால், திறந்ததும் இமை உருண்டையோடு மேலே ஏறி ஒடிந்து தெரியும். மேலே தூக்கிய குட்டி வாலைவிட, வெளி மூலையில் இருந்து கிட்டத்தட்ட கிடையாகப் போகும் நீண்ட வால் இந்தக் கண்ணை நீளமாக்கும். பரதநாட்டிய மேக்கப்பில் கண்ணைச் சுற்றிக் கோடு போட்டு வெளியே நீட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இமை முடியில் நடுப்பகுதியைக் கர்லரில் சுருட்ட வேண்டாம், வெளிப்பக்க முடிகளை மட்டும் தூக்கிவிடுங்கள். ஒட்டு இமை முடி வாங்கினால் நடுவில் நீளம் கூடியதை விட்டு, ஓரத்தில் நீளம் கூடியதாகப் பாருங்கள். கீழ் முடிக்கு மஸ்காரா வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: கண்ணாடியில் சரி, போட்டோவில் தப்பு

மேக்கப் அறையில் தலைக்கு மேலே ஒரே ஒரு டியூப்லைட் இருந்தால், குழிக்கண்ணின் பள்ளம் இருக்கிறதைவிட ஆழமாகத் தெரியும். அதைப் பார்த்து நாம் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். மண்டபத்தில் வீடியோக்காரர் முன்னால் இருந்து லைட்டைப் போட்டதும் எலும்பின் நிழல் தானாகவே மறைந்துவிடும், நாம் அதிகமாகப் போட்ட வெளிர் நிறம் மட்டும் திட்டாக நிற்கும். ஆகவே எந்த வெளிச்சத்தில் பார்க்கப்போகிறார்களோ அந்த வெளிச்சத்தை முகத்துக்கு நேர் எதிரே வைத்துப் போடுங்கள். நான் ஒரு சின்ன ரிங் லைட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மேடை நடனத்துக்கு மட்டும் உச்சி விளக்கில் பார்த்துப் போடுவது சரி, அங்கே வெளிச்சம் உண்மையாகவே மேலிருந்து வருகிறது.

முட்டைக்கண்காரர்கள் செல்ஃபியை நம்ப வேண்டாம். கையை நீட்டி எடுக்கும் தூரத்தில் கேமராவுக்கு அருகில் இருப்பது எதுவோ அது பெருத்துத் தெரியும். மூக்கும் முன்னே வந்த கண்ணும் அதில்தான் மாட்டும். வேறொருவரை ஐந்தாறு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் போட்டும் ஒன்று எடுத்துப் பாருங்கள், இமையின் உச்சியில் வெள்ளையாக ஒரு பொட்டு அடித்தால் அங்கே இன்னும் மினுமினுப்போ எண்ணெயோ இருக்கிறது. மேட் பவுடரைத் தொட்டால் போய்விடும்.

பக்கவாட்டுப் படத்தில் இந்த வேலைகள் எதுவும் பெரிதாகப் பலிக்காது. நிழலும் வெளிச்சமும் முன்னால் இருந்து பார்க்கிறவரைத்தான் ஏமாற்றும். பக்கத்தில் இருந்து எடுத்தால் எலும்பின் உண்மையான வடிவம்தான் வரும். தங்கையின் படங்களில் முகத்தை லேசாகத் திருப்பி எடுத்தவை நன்றாக வந்தன, நேர்ப் பக்கவாட்டில் எடுத்தவற்றில் அவள் கண் எப்போதும் போலத்தான் இருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னேன்.

அறிகுறி: ஒரு கண் மட்டும் அதிகம் முன்னே இருக்கிறது

இரண்டு கண்ணும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பவர்கள் யாருமில்லை. சின்ன வித்தியாசத்துக்கு, முன்னே வந்த கண்ணில் இமை நிறத்தை அரைப் படி அடர்த்தியாக்கி, லைனரை ஒரு மயிரிழை தடித்தால் போதும். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகாதீர்கள், ஏட்டிக்குப் போட்டியாக இரண்டும் தடித்துவிடும். அடங்கின கண்ணை முதலில் முடித்து வைத்துவிட்டு, முன்னே வந்ததை அதற்குப் பொருத்துங்கள்.

ஆனால் சின்ன வயதில் இருந்து இப்படித்தான் என்பது வேறு, சில மாதங்களில் கண் முன்னே வந்தது என்பது வேறு. பழைய போட்டோவை எடுத்து ஒப்பிடுங்கள். புதிதாகக் கண் பிதுங்கியிருந்தால், கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தால், கூடவே படபடப்பு, காரணமில்லாத எடை இறக்கம், கை நடுக்கம் இருந்தால் அது தைராய்டால் வரும் கண் நோயாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் முன்னே வந்திருந்தாலும் அதே காரணம் இருக்கலாம், கண்ணுக்குப் பின்னால் வேறு ஏதாவதும் இருக்கலாம். வலி, இரட்டைப் பார்வை, பார்வை மங்கல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. இப்படி வந்தவர்களுக்கு நான் லைனரை எடுக்க மாட்டேன். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாவது.